நெட்வொர்க் கேபிளில் வேகம் குறைகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

வேகம் குறைந்தால் பழி முதலில் கேபிள் மீதுதான் விழுகிறது. 'கேட் 5இ பழசு, கேட் 6 போடு' என்பார் ஒருவர். 'மின்கம்பி பக்கத்திலேயே போகிறதே, அதுதான் காரணம்' என்பார் இன்னொருவர். இரண்டுமே சில சமயம் சரிதான். ஆனால் எந்தச் சமயம் சரி என்பதை அளந்து பார்க்காமல் சுவரை உடைக்கத் தொடங்கினால் பணமும் நேரமும்தான் போகும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈதர்நெட் இணைப்பின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதில்லை. அதற்குப் படிகள் உண்டு: நொடிக்கு 10, 100, 1000 மெகாபிட், அதற்கு மேல் 2.5, 5, 10 கிகாபிட். கேபிளின் இரு முனையிலும் உள்ள கருவிகள் பேசி ஒரு படியைத் தேர்ந்தெடுக்கின்றன. பிறகு அந்தப் படியின் வேகத்தில்தான் எப்போதும் அனுப்புகின்றன. ஆகவே கேபிள் கெட்டிருந்தால் பொதுவாக இரண்டில் ஒன்று நடக்கும். இணைப்பு கீழ்ப்படிக்கு இறங்கும், அல்லது படி அப்படியே இருக்க, வழியில் தரவுப் பொட்டலங்கள் சிதையும். இந்த இரண்டில் உங்களுக்கு எது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிரிக்க இரண்டு அளவுகள் போதும். முதலாவது, இணைப்பு எந்தப் படியில் இருக்கிறது என்பது. லினக்ஸில் இப்படிப் பார்க்கலாம் (eth0 இருக்கும் இடத்தில் உங்கள் நெட்வொர்க் கார்டின் பெயரைப் போடுங்கள்):

```
ethtool eth0
```

விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து:

```
Get-NetAdapter | Select-Object Name, LinkSpeed
```

இரண்டாவது, உண்மையில் எவ்வளவு தரவு போய்ச் சேர்கிறது என்பது. இதற்கு இணையத்தில் வேகம் பார்க்கும் தளங்கள் உதவாது. அங்கே உங்கள் இணைய சேவையின் கோளாறும் கலந்துவிடும். அதே உள் நெட்வொர்க்கில், ஸ்விட்சின் அருகே சின்ன நல்ல கேபிளில் ஒரு கணினியை இணைத்து `iperf3 -s` ஓடவிடுங்கள். சந்தேகக் கேபிளின் மறுமுனையில் இருக்கும் கணினியிலிருந்து இதை ஓட்டுங்கள்:

```
iperf3 -c 192.168.1.10 -t 60
iperf3 -c 192.168.1.10 -t 60 -R
```

முகவரி உங்கள் முதல் கணினியுடையதாக இருக்கட்டும். இரண்டாவது வரியில் உள்ள `-R` எதிர்த்திசையில் அளக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள், ஏன் என்று பின்னால் வரும். ஒரு கிகாபிட் இணைப்பு நலமாக இருந்தால் விடை 940ஐ ஒட்டி வரும். மீதி, தலைப்புத் தகவல்களுக்கும் பொட்டலங்களுக்கு நடுவே விடும் இடைவெளிக்கும் போய்விடுகிறது. 100 மெகாபிட் இணைப்பில் 94 வரும்.

அறிகுறி 1: அளவு 94இலேயே நிற்கிறது, இணைப்பும் 100 என்று காட்டுகிறது

கோப்பு நகலெடுக்கும்போது நொடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் ஏறவே ஏறாது, நாள் முழுக்க அதே எண். இதற்குக் கேபிளின் ரகமோ பக்கத்து மின்கம்பியோ காரணமாக இருப்பது அரிது. பெரும்பாலும் ஒரு கம்பி அறுந்திருக்கும், அல்லது முனையில் சரியாகத் தொட்டிருக்காது.

காரணம் எளிது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும்: பிளக்கின் 1, 2 ஆம் தொடுமுனைகளும் 3, 6 ஆம் தொடுமுனைகளும். அதாவது வழக்கமான நிற வரிசைகளில் ஆரஞ்சும் பச்சையும். கிகாபிட்டுக்கோ நான்கு ஜோடியும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரே ஒரு கம்பி விட்டுப்போனாலும் கிகாபிட் எழாது. வேடிக்கை என்னவென்றால், எந்த வேகம் என்று இரு கருவிகளும் பேசிக்கொள்வது ஆரஞ்சு, பச்சை ஜோடிகளில்தான். ஆகவே பேச்சுவார்த்தையில் '1000' என்று ஒப்புக்கொண்டுவிடும். அப்புறம் நான்கு ஜோடியிலும் சமிக்ஞையை ஒத்திசைக்கப் பார்க்கும்போது தோற்கும். சில முறை தோற்றபின், பல கார்டுகள் தாமாகவே 100க்கு இறங்கிவிடும். அந்த வசதி இல்லாத கார்டில் விளக்கு எரிந்து எரிந்து அணையும், இணைப்பே வராது. ஒரே கேபிளில் ஒரு கணினி மெதுவாக வேலை செய்ய, இன்னொன்று சுத்தமாக வேலை செய்யாமல் போவது இதனால்தான்.

சரி, என்ன செய்வது? முதலில் சந்தேகக் கேபிளை விட்டுவிட்டு, அதே இரண்டு கருவிகளையும் நல்லதென்று தெரிந்த ஒரு சின்ன கேபிளால் இணைத்துப் பாருங்கள். அப்போதும் 100 என்றால் கோளாறு கேபிளில் இல்லை. இரண்டில் ஒரு போர்ட் 100 மெகாபிட் ரகமாக இருக்கலாம், அல்லது யாரோ அமைப்பில் 100 என்று பூட்டி வைத்திருக்கலாம். 1000 வந்தால் கேபிள்தான்.

கேபிள் என்று உறுதியானால், நடுவில் தேட வேண்டாம், முனைகளிலிருந்து தொடங்குங்கள். கருவியைச் சுவர் ஜாக்கோடு இணைக்கும் சின்ன பேட்ச் கேபிள்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், பிறகு சுவர் ஜாக்கைத் திறந்து பாருங்கள், பிறகு பிளக்கை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள். நடுவில் எலி கடித்ததாகவோ ஆணி இறங்கியதாகவோ இருப்பதைவிட முனையில் இருக்கும் வாய்ப்புதான் அதிகம். சில கார்டுகளில் `sudo ethtool --cable-test eth0` எந்த ஜோடி, எத்தனை மீட்டரில் அறுந்திருக்கிறது என்றே சொல்லிவிடும். எல்லாக் கார்டும் அதை ஆதரிப்பதில்லை என்றாலும் ஒருமுறை முயன்று பார்ப்பதில் நட்டமில்லை.

அறிகுறி 2: இணைப்பு 1000 என்கிறது, ஆனால் அளவு 940க்கு வரவில்லை, ஏறி இறங்குகிறது

இங்கேதான் நீளம், தரம், மின்கம்பி எல்லாம் உள்ளே வருகின்றன. முதலில் ஒரு எண்ணைப் பாருங்கள். வந்து சேரும் ஒவ்வொரு பொட்டலத்தின் கடைசியிலும் சரிபார்ப்புக்கு ஒரு சிறு எண் இருக்கும், அதை சிஆர்சி என்பார்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் வாங்கும் கருவி அந்தப் பொட்டலத்தைச் சத்தமின்றித் தூக்கி எறிந்துவிட்டு, பிழை எண்ணிக்கையை ஒன்று கூட்டும்.

```
ethtool -S eth0 | grep -i -E 'crc|err'
```

விண்டோஸில் `netstat -e` கொடுத்தால் மொத்தப் பிழைகள் தெரியும். பிழையை எண்ணுவது வாங்கும் முனை மட்டும்தான். கணினிக்கு வரும் வழியில் சிதைந்தால் கணினியிலும், கணினியிலிருந்து போகும் வழியில் சிதைந்தால் ஸ்விட்ச் போர்ட்டிலும் எண் ஏறும். ஸ்விட்சுக்கு மேலாண்மைப் பக்கம் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். `-R` வேண்டும் என்றது இதற்காகத்தான்: ஒரு திசையில் மட்டும் அடிபடும் கேபிள்கள் நிறைய.

எத்தனை பிழை இருந்தால் கவலைப்படலாம்? ஒரு நிமிடம் முழு கிகாபிட் ஓடினால் ஏறக்குறைய 48 லட்சம் பெரிய பொட்டலங்கள் போகும். கிகாபிட் தரநிலை அனுமதிக்கும் பிழை விகிதத்தில் அதில் ஐந்தாறு சிதையலாம். நல்ல கேபிளில் நடைமுறையில் பூஜ்யம்தான் வரும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் ஏறினால் கேபிள் பாதையில் கோளாறு. பூஜ்யமாகவே இருந்து வேகம் மட்டும் குறைந்தால் கேபிளை விட்டுவிட்டு கணினி, வட்டு, ஸ்விட்ச் பக்கம் தேடுங்கள்.

பலரைக் குழப்பும் ஒரு நிலை இருக்கிறது. உள் நெட்வொர்க்கில் அளந்தால் 940 வருகிறது, இணையத்திலிருந்து இறக்கும்போது மட்டும் மந்தம். உடனே இணைய நிறுவனத்தைத் திட்டுகிறோம். ஆனால் பத்தாயிரத்தில் ஒரு பொட்டலம் சிதைந்தாலே இப்படி ஆகலாம். ஒன்று தொலைந்தால், தரவை அனுப்பும் நெறிமுறையான டிசிபி தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெல்ல ஏறும். போய்வர அரை மில்லிநொடி ஆகும் உள் நெட்வொர்க்கில் அது உடனே மீண்டுவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. போய்வர 30 மில்லிநொடி ஆகும் தொலைதூர சர்வரோடு அதே இழப்பு, வழக்கமான டிசிபி கணக்கின்படி, ஒற்றைப் பதிவிறக்கத்தைச் சுமார் 50 மெகாபிட்டில் கட்டிப்போடும். ஆகவே `iperf3` 940 காட்டினாலும் சிஆர்சி எண்ணையும் பார்க்காமல் கேபிளை விடுவிக்காதீர்கள்.

பிழை இருக்கிறது என்று தெரிந்தபின் மூன்று சந்தேகங்கள்.

*நீளம்.* ஸ்விட்சிலிருந்து கணினிவரை மொத்தம் 100 மீட்டர். அதில் சுவருக்குள் ஓடும் கெட்டிக் கம்பி 90, இரு முனையின் பேட்ச் கேபிள்கள் சேர்ந்து 10. நீளத்தைக் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டாம். பெரும்பாலான கேபிள் உறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சாகியிருக்கும் (சிலவற்றில் அடிக்கணக்கு), இரு முனை எண்களையும் கழித்தால் விடை. 100 என்பது விளிம்பில் விழும் பள்ளம் அல்ல. நல்ல கேபிள் 110இலும் ஓடும், மோசமான கேபிள் 70இலேயே திணறும். 100 மீட்டர் கேட் 5இ இணைப்பில், 100 மெகாஹெர்ட்சில் 24 டெசிபெல் வரை இழப்பைத் தரநிலை அனுமதிக்கிறது. அதாவது அனுப்பிய மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்குதான் மறுமுனைக்கு வரும். நீளம் கூடக் கூட மிஞ்சும் சமிக்ஞை குறையும், அதைக் கெடுக்கச் சிறு இரைச்சலே போதும் என்றாகிவிடும். வெப்பமும் இதே வேலையைச் செய்கிறது. 60 டிகிரியில் இழப்பு, 20 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். கூரைமேல் வெயிலில் கிடக்கும் நீளமான கேபிள் மதியத்தில் மட்டும் பிழை காட்டினால் ஆச்சரியமில்லை.

*செம்பா, செம்புப் பூச்சா.* உறையில் 'கேட் 6' என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சு போட்ட மலிவு ரகம் இருக்கலாம். சிசிஏ என்பார்கள். இது எந்த கேட் தரநிலைக்கும் பொருந்தாது. கத்தியால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளியாக மின்னும். மல்டிமீட்டர் இருந்தால் சுவரைத் தொடாமலே கண்டுபிடிக்கலாம். கேபிளை இரு முனையிலும் கருவிகளிலிருந்து கழற்றி, மறுமுனையில் ஒரு ஜோடியின் இரு கம்பிகளையும் இணைத்துவிட்டு, இந்த முனையில் மின்தடையை அளந்து பாருங்கள். தரநிலைப்படி ஒரு கம்பிக்கு 100 மீட்டரில் 9.38 ஓம்தான் உச்சம், போகவர இரண்டு மடங்கு. 60 மீட்டர் கேபிளில் 11.3 ஓமுக்குள் வர வேண்டும். 16ஐ ஒட்டி வந்தால் அது சிசிஏ என்றே சந்தேகப்படலாம். இந்த ரகம் வளைத்தால் எளிதில் ஒடியும், முனையில் தளர்ந்துபோகும். கண்டுபிடித்தபின் மாற்றுவதைத் தவிர வேறு வழி எதையும் நான் சொல்ல மாட்டேன்.

*முனைகளின் முறுக்கு.* ஜோடிக் கம்பிகள் முறுக்கிக்கொண்டு போவது அழகுக்கு அல்ல. வெளி இரைச்சல் இரு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும். வாங்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் அந்த இரைச்சல் கழிந்துவிடும். முறுக்கைப் பிரித்த இடத்தில் இந்தப் பாதுகாப்பு குறைகிறது. ஜாக்கில் மாட்டும்போது 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. வேலை சுலபமாக இருக்கட்டும் என்று ஐந்தாறு சென்டிமீட்டர் பிரித்துவிடுபவர்கள் உண்டு. இதைவிட மோசம், நிறங்களை 1-2, 3-4, 5-6, 7-8 என்று ஜோடி ஜோடியாக வரிசையாக அடுக்குவது. அப்போது 3உம் 6உம் வெவ்வேறு ஜோடிக்குப் போய்விடும். இரு முனையிலும் இதே தவறு இருந்தால் விளக்கு எரியும் மலிவு டெஸ்டர் எட்டும் சரி என்றே சொல்லும், பிழையோ கொட்டும். நிற வரிசையைக் கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

அறிகுறி 3: மோட்டார் ஓடும்போது மட்டும் கெடுகிறது

மின்கம்பி பக்கத்தில் போவதால் மட்டும் வேகம் குறைந்துவிடாது. வீட்டு மின்சாரம் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். கிகாபிட் சமிக்ஞையோ பெரும்பாலும் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் இருக்கிறது. முறுக்கும், ஒவ்வொரு போர்ட்டுக்குள்ளும் இருக்கும் சிறு மின்மாற்றியும் சேர்ந்து அந்த ரீங்காரத்தை வெளியே நிறுத்திவிடும். விளக்குக் கம்பியோடு நாலைந்து மீட்டர் சேர்ந்து ஓடும் நல்ல கேபிளில் பிழை எண் அசையாது. தொந்தரவு தருவது திடீர் மாற்றங்கள்: மோட்டார் தொடங்குவது, ரிலே அடிப்பது, வெல்டிங், எல்லாவற்றுக்கும் மேலாக மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி. அது மின்னழுத்தத்தை வேகவேகமாக வெட்டி வெட்டி அனுப்புவதால் அதன் இரைச்சல் மெகாஹெர்ட்ஸ் வரை ஏறும்.

ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். அலுவலக ஸ்விட்சிலிருந்து பட்டறைக் கணினிவரை கேட் 5இ. உறை எண்கள் ஒரு முனையில் 214, மறுமுனையில் 292, ஆக 78 மீட்டர். பேட்ச் கேபிள்கள் சேர்ந்து 5. நீளத்தில் பிரச்சினை இல்லை. ஜோடி மின்தடை 13 ஓம், 78 மீட்டருக்கு 14.6 வரை போகலாம் என்பதால் செம்புதான். மோட்டார் நின்றிருந்தால் இரு திசையிலும் 941, பிழை பூஜ்யம். மோட்டார் ஓடினால் கணினியிலிருந்து போகும் திசையில் 940, ஆனால் `-R` போட்டால் 650. நிமிடத்துக்கு மூவாயிரம் போல சிஆர்சி பிழை, எல்லாம் கணினி முனையில். இணையத்திலிருந்து இறக்கும் கோப்பு இருபது மெகாபிட்டைத் தாண்டவில்லை.

ஒரு திசை மட்டும் கெடுவதே இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கணினியிலிருந்து புறப்படும் சமிக்ஞை அங்கே வலுவாக இருக்கிறது. ஸ்விட்சிலிருந்து வரும் சமிக்ஞையோ 80 மீட்டர் தாண்டி இளைத்து வந்து சேருகிறது. ஆகவே இரைச்சல் கணினி முனைக்கு அருகில் ஏறுகிறது. பார்த்தால் கடைசி 25 மீட்டர் கேபிள், விஎஃப்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கம்பியோடு ஒரே தட்டில் கட்டப்பட்டிருக்கிறது. சுவர் ஜாக்கைத் திறந்தால் ஜோடிகள் ஐந்து சென்டிமீட்டர் முறுக்கின்றி நிற்கின்றன.

இந்த நிலையில் முதலில் செய்ய வேண்டியது மலிவான வேலை: ஜாக்கை மட்டும் மீண்டும் மாட்டுவது. இங்கே அதிலேயே பிழை நிமிடத்துக்கு நாற்பதுக்கு இறங்கியது. முறுக்கு சரியானதும் கேபிள் இரைச்சலை எதிர்க்கும் திறனை மீட்டுக்கொண்டது. பிறகு கேபிளைத் தட்டிலிருந்து எடுத்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓட்டியபின் பூஜ்யம். சுவரை உடைக்குமுன் ஒரு நீளக் கேபிளைத் தற்காலிகமாகத் தரையில் வேறு வழியாக ஓட்டிப் பார்ப்பது நல்லது. அதிலும் மோட்டார் ஓடும்போது பிழை வந்தால் கேபிளின் பாதையை மாற்றிப் பயனில்லை. அப்போது இரைச்சல் கணினியின் மின்சாரம் வழியாகவோ எர்த் வழியாகவோ வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இடைவெளி பற்றிச் சுருக்கமாக: சாதாரண விளக்கு, பிளக் சுற்றுகளுக்கு 5 சென்டிமீட்டர் போதும். பிரிட்டன், அமெரிக்க விதிகளிலும் இந்த எண்தான் வருகிறது. பெரிய மோட்டார், விஎஃப்டி கம்பி என்றால் குறைந்தது 30 விடுங்கள், குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும். மின்கம்பியும் நெட்வொர்க் கேபிளும் ஒரே குழாய்க்குள் போகவே கூடாது. அது வேகத்துக்காக மட்டும் சொல்வதல்ல. மின்கம்பியின் உறை தேய்ந்தால் நெட்வொர்க் கேபிளில் மின்சாரம் ஏறும், தொடுபவர் உயிருக்கே ஆபத்து.

அறிகுறி 4: 2.5 அல்லது 10 கிகாபிட் கருவி வாங்கியும் அந்த வேகம் வரவில்லை

கேபிளின் ரகம் உண்மையாகவே பேசப்பட வேண்டிய இடம் இதுதான். கிகாபிட்டுக்குக் கேட் 5இ 100 மீட்டருக்கும் போதும். அங்கே கேட் 6 போட்டாலும் 941 என்பது 942 ஆகாது. 2.5 கிகாபிட்டும் கேட் 5இயிலேயே 100 மீட்டர் போகும்படி 2016இல் வந்த தரநிலையில் வடிவமைத்திருக்கிறார்கள், 5 கிகாபிட்டுக்குக் கேட் 6. 10 கிகாபிட்டுக்குக் கேட் 6இல் 55 மீட்டர்தான் கணக்கு. கட்டுக் கட்டாக ஒன்றையொன்று ஒட்டிப் போகும் கேபிள்களில் ஒன்றின் சமிக்ஞை மற்றொன்றில் கசிவதால் அங்கே 37 மீட்டராகவும் குறையலாம். 100 மீட்டரும் வேண்டுமென்றால் கேட் 6ஏ. கேட் 8 என்று விற்பது 30 மீட்டர் தூரத்துக்கு, டேட்டா சென்டர்களில் 25, 40 கிகாபிட்டுக்காக உருவானது. வீட்டு ரௌட்டரில் அதைச் செருகுவதால் வேகம் கூடிவிடாது.

அறிகுறி 5: எதைச் செய்தாலும் பிழை போகவில்லை

100 மீட்டரைத் தாண்டித்தான் ஆக வேண்டும், அல்லது விஎஃப்டி கம்பியோடு ஒரே வழியில்தான் போக முடியும் என்ற கட்டாயம் சில இடங்களில் இருக்கும். நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்தால் அங்கிருந்து புதிதாக 100 மீட்டர் கிடைக்கும், ஆனால் அதற்கு அங்கே மின்சாரம் வேண்டும். உலோக உறை போட்ட கேபிள் இரைச்சலுக்கு உதவும். அந்த உறையைச் சரியாக எர்த் செய்ய வேண்டும், ஜாக்கும் பிளக்கும்கூட உறையுள்ள ரகமாக இருக்க வேண்டும். எர்த் இல்லாமல் விட்டால் போட்ட காசுக்குப் பயன் கிடைக்காது. என்னைக் கேட்டால், இந்த இடங்களில் செம்போடு மல்லுக்கு நிற்காமல் ஃபைபர் ஓட்டி, இரு முனையிலும் ஒளியை மின் சமிக்ஞையாகவும் மின் சமிக்ஞையை ஒளியாகவும் மாற்றும் மீடியா கன்வர்ட்டர் வைத்துவிடுவேன். கண்ணாடி இழையில் மின் இரைச்சல் ஏறாது, சிங்கிள்-மோட் ரக ஃபைபரில் கிலோமீட்டர் கணக்கில் போகும். இரு கட்டடங்களுக்கு இடையே ஓட்டினால் இடியின் மின்னோட்டமும் அந்த வழியே வராது. ஆனால் உள்ளே உலோகக் கம்பியோ உலோக உறையோ இல்லாத ஃபைபர் கேபிளாகப் பார்த்து வாங்க வேண்டும்.